மறுபடியும் ஜானகி

கோபாலபுரத்திலிருந்து மியூசிக் அகாடமிக்கு நடந்தே போய்விடலாம். நாரத கான சபாவும் மயிலாப்பூர் சபாக்களும் அங்கிருந்து அதிகத் தொலைவில்லை. இந்தச் சபா வட்டாரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பெயர் திரும்பத் திரும்ப மேடையேறிக்கொண்டிருக்கிறது. 1979இல் தொடங்கிய கிரேஸி மோகனின் நாடகக் குழுவில் நாயகன் மாது, நண்பன் சீனு, நாயகி ஜானகி. சிறுவயதில் தன்னை மேடையேற்றிய ஆசிரியையின் நினைவாக வைத்த பெயர் அது என்று மோகன் சொல்லியிருக்கிறார். அவர் வசனம் எழுதிய படங்களிலும் அந்தப் பெயர் வந்துகொண்டே இருந்தது: 'அபூர்வ சகோதரர்க'ளில் கௌதமி ஜானகி, 'அவ்வை சண்முகி'யில் மீனா ஜானகி, 'தெனாலி'யில் ஜோதிகா ஜானகி, 'வசூல்ராஜா'வில் சினேகா ஜானகி. 2002இல் வந்த 'பஞ்சதந்திர'த்தில் சிம்ரனுக்கு மைதிலி என்று பெயர். அதுவும் ஜனகன் மகளின் பெயர்தான் என்பதைப் பழகிய ரசிகர் சட்டென்று பிடித்துக்கொள்வார். கணவன் பெயர் ராமச்சந்திரமூர்த்தி ஆயிற்றே!

ஜானகி என்ற பெயரில் நகைச்சுவை எதுவும் இல்லை. முதல் நாடகத்தில் அதைக் கேட்டவர் சிரித்திருக்கக் காரணமே இல்லை. ஐந்தாவது தடவை கேட்பவர் புன்னகைக்கிறார் என்றால், அந்தப் புன்னகை முந்தைய நான்கு தடவைகளிலிருந்து வருகிறது. எழுதியவருக்கும் பார்ப்பவருக்கும் இடையே ஒரு பழக்கம் சேர்ந்துவிட்டது. நெடுநாள் நட்பில் நடப்பதும் இதுதான். எப்போதும் "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லி ஒரு மணி நேரம் கழித்து வருகிறவர் எந்த நண்பர் குழுவிலும் உண்டு. அவர் கல்யாண மண்டபத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு அதுவே வேடிக்கை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கலங்கி நிற்கும் ஒருவரிடம் அவரே "அஞ்சு நிமிஷம்" என்றால், அதே சொல் ஆறுதலாகிவிடுகிறது. சொல் மாறவில்லை, அது வந்து விழும் இடம் மாறியிருக்கிறது.

ஒன்று அசையாமல் நிற்க, அதைச் சுற்றி மற்றவை நகரவேண்டும் என்பதே இதன் இலக்கணம். தமிழில் இதற்கு மிகச் சுத்தமான சான்று 1989இல் வந்த 'கரகாட்டக்கார'னின் வாழைப்பழக் காட்சி. கவுண்டமணி இரண்டு பழம் வாங்கிவரச் சொல்கிறார், செந்தில் ஒன்றோடு வருகிறார். ஒன்று இங்கே இருக்கிறது, இன்னொன்று எங்கே என்ற கேள்விக்கு, அந்த இன்னொன்றுதான் இது என்பது பதில். செந்திலின் குரலில் கடைசிவரை மாற்றமே இல்லை. மாறுகிறவர் கவுண்டமணி. முதலில் கணக்குக் கேட்கிறார், பிறகு குழந்தைக்குப் பாடம் சொல்வதுபோல் கேள்வியைத் துண்டு துண்டாக்கிக் கேட்கிறார், அதன்பின் பொறுமை போய்விடுகிறது. ஒரே பதிலைத் தாங்கமுடியாமல் ஒரு மனிதன் கட்டம் கட்டமாகக் குலைவதை நாம் பார்க்கிறோம். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். செந்திலின் பதில் வெறும் உளறல் அல்ல. வயிற்றுக்குள் போனது ஒன்று என்றால், கையில் இருப்பது இன்னொன்றுதானே? அந்தத் துளி நியாயம் இல்லாவிட்டால் மூன்றாவது தடவையே காட்சி படுத்திருக்கும்.

திரும்பச் சொல்வது கற்பனை வறட்சி அல்லவா என்று கேட்கலாம். பல சமயம் வறட்சிதான். சிரிப்புச் சேனல்கள் ஒரே துணுக்கை நாள் முழுக்க ஓட்டும்போது சலிப்பு வரத்தான் செய்கிறது. படத்துக்குப் படம் கைதட்டலுக்காகவே ஒட்டவைக்கும் வசனமும் அப்படித்தான். அங்கே அசையாத பகுதி மட்டும் இருக்கிறது, நகரும் பகுதி இல்லை. அந்த வசனத்தை எடுத்துவிட்டாலும் காட்சி அப்படியே நிற்கும் என்றால் அது புளித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். வாழைப்பழக் காட்சியிலிருந்து அந்தப் பதிலை எடுத்துவிட்டால் காட்சியே இல்லை.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. திரும்பத் திரும்ப வரும் கேலி பெரும்பாலும் யாரோ ஒருவரின் நிறத்தையோ உடம்பையோ பிடித்துக்கொள்கிறது. கவுண்டமணி–செந்தில் காட்சிகள் பலவற்றிலும் இந்தக் குறை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. நிறமும் உடம்பும் ஒருவர் செய்கிற காரியம் அல்ல. அதனால் அந்தக் கேலிக்குப் போக்கிடம் கிடையாது, அடுத்த தடவையும் அதே இடத்தில்தான் குத்தும். தாமதமாக வரும் நண்பர் ஒருநாள் சீக்கிரம் வந்து கேலியைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள முடியும், கறுப்பாக இருப்பவரால் அது முடியாது. வாழைப்பழக் காட்சி இன்றும் நிற்பதற்குக் காரணம், அதில் அடி வாங்குபவர் செந்தில் என்றாலும் வாதத்தில் தோற்பவர் கவுண்டமணி என்பதுதான்.

சீனுவாக நடித்த சீனு மோகன் 2018 டிசம்பரில் காலமானார். கிரேஸி மோகன் 2019 ஜூன் 10 அன்று காலமானார். அதன்பிறகும் அவருடைய தம்பி மாது பாலாஜி அந்த நாடகங்களை மேடையேற்றி வருகிறார். நாயகியின் பெயர் இன்றும் ஜானகிதான்.