ஸ்பிரெட்டுக்கு ஆறு மாதம் வேண்டும்

ஸ்பிரெட்டில் நஷ்டத்துக்கு வரம்பு உண்டு, எனவே ஆப்ஷன் அடிப்படை தெரிந்த மாணவர் ஒரே மாதத்தில் அதில் இறங்கலாம் என்கிறார்கள். பாரூரிலிருந்து ஓசூர் ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் இளைஞரிடம் இதைச் சொல்வது ஆபத்து.

ஓசூரில் ஆலையுள்ள டைட்டனின் பங்கையே எடுப்போம். எண்கள் கணக்குக்காக மட்டுமே. 3,400 கால் ஆப்ஷனை 80 ரூபாய்க்கு வாங்கி, 3,500 காலை 40 ரூபாய்க்கு விற்கிறார். லாட் 175 என்றால் அதிகபட்ச நஷ்டம் 7,000 ரூபாய். காலாவதி நாளில் பங்கு 3,450-இல் முடிகிறது. கணக்குப்படி 1,750 ரூபாய் லாபம். ஆனால் விற்ற கால் மதிப்பிழந்துவிட, வாங்கிய கால் மட்டும் நிற்கிறது. இந்தியாவில் பங்கு ஆப்ஷன்கள் பங்காகவே தீர்க்கப்படுவதால் 175 பங்குகளை வாங்க 5,95,000 ரூபாய் வேண்டும். கடைசி நாட்களில் மார்ஜினும் ஏறும்.

அந்த 7,000 விலை வரம்புதான்; தேவைப்படும் பணத்தின் வரம்பல்ல.

முதல் இரண்டு மாதம் ஒற்றை ஆப்ஷனின் காலத் தேய்மானத்தைத் தினமும் குறிக்கட்டும். அடுத்த இரண்டில் ஸ்பிரெட்டைத் தாளில் மட்டும் நடத்தட்டும். ஐந்தாம் மாதம் காலாவதி வாரத்தைக் கவனிக்கட்டும். ஆறாவதில் ஒரே ஒரு லாட். முதலில் வாங்கி, பிறகு விற்று, வெளியேறும்போது விற்றதை முதலில் மூடி, காலாவதி வாரத்துக்கு முன்பே முடிக்கட்டும்.