உயர்நடை இரண்டு

தமிழ் வழியே பள்ளிப் படிப்பை முடித்து, ஆங்கில வழியே பாடம் நடைபெறும் கல்லூரி வகுப்புகளிற் புகும் மாணாக்கர் பலர்க்கு முதலாண்டில் ஒரு மயக்கம் நேர்கின்றது. பள்ளியிற் கட்டுரைப் போட்டிகளிற் பரிசு பெற்ற அவர்களே எழுதும் ஆங்கிலக் கட்டுரைகள், 'மிகையான நடை' என்னும் குறிப்புடன் திரும்பி வருகின்றன. வாக்கியங்களில் இலக்கண வழு இல்லை. சொற்களும் அகராதியில் உள்ளவையே. குற்றம் யாது என்பது எழுதியவர்க்கு விளங்குவதில்லை. ஆங்கிலம் தமக்கு வாராது என்று அவர் முடிவு செய்துவிடுகின்றார். நாம் அம்முடிவை ஏற்கவில்லை. இக்குற்றம் ஆங்கில அறிவின் குறையால் வருவதன்று. தமிழின் உயர்நடைக்குரிய விதிகளே ஆங்கிலத்தின் உயர்நடைக்கும் விதிகள் என்று கொள்வதால் வருவது.

தமிழில் பேச்சு வழக்கு வேறு, எழுத்து வழக்கு வேறு. வீட்டில் 'வந்துச்சு' என்பவர் ஏட்டில் 'வந்தது' என்றெழுதுகின்றார்; 'வந்தாங்க' என்பது 'வந்தனர்' ஆகின்றது. சொல்லின் பகுதி மாறுவதில்லை, விகுதி மாறுகின்றது. ஆதலின் வினைமுற்றைத் திருத்திய அளவிலேயே தமிழ் வாக்கியம் உயர்நடைக்குள் வந்துவிடுகின்றது. ஆங்கிலத்தில் நிலைமை இவ்வாறன்று. பேசுவோனும் எழுதுவோனும் 'கேம்' என்னும் ஒரே இறந்தகால வினையையே ஆள்கின்றனர். பேச்சிற் சுருங்கிய 'டிடின்ட்' என்பதை 'டிட் நாட்' என விரித்தெழுதுவது போன்ற சில மாற்றங்களே வடிவத்தில் உள. எனவே அங்கே உயர்நடைக்கு வேறிடம் வேண்டும். அவ்விடம் சொல்லைத் தேர்தலும், சொல்லும் செய்திக்கு எவ்வளவு உறுதி உண்டு என அளந்து கூறுதலும் ஆகும்.

இவ்வேறுபாட்டை அறியாதவர், வீட்டில் வழங்காத சொல்லே ஏட்டிற்குரிய சொல் என்னும் பள்ளிப் பழக்கத்தை ஆங்கிலத்திலும் பின்பற்றுகின்றார். 'யூஸ்' என்பது எளிதாகத் தோன்றுதலின் 'யூட்டிலைஸ்' என்றும், 'பிகின்' என்பதை விடுத்துக் 'கமென்ஸ்' என்றும் எழுதுகின்றார். இரண்டிடத்தும் எளிய சொல்லே ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் போதும். ஆயினும் 'ஃபைண்ட் அவுட்' போன்ற இரட்டைச் சொல் வினைகளை நீக்கி, 'டிட்டர்மின்' என்றோ 'டிஸ்கவர்' என்றோ எழுதுவது பல இடங்களிற் பொருத்தமே. ஏனெனில் முன்னது ஆய்ந்து வரையறுத்தலையும், பின்னது அறியப்படாததைக் கண்டறிதலையும் குறித்துப் பொருளைக் கூர்மையாக்குகின்றன. இதனை அறியும் வழி எளிது. பெரிய சொல்லை எடுத்துவிட்டு எளிய சொல்லை அவ்விடத்தில் இட்டுப் பார்த்தல் வேண்டும். பொருள் சிறிதும் மாறாவிடின் எளிய சொல்லே நிற்கட்டும்.

இனி ஓர் எடுத்துக்காட்டால் இதனைக் காண்போம். கால்டுவெல் ஐயரைப் பற்றிப் பள்ளிப் பழக்கப்படி நாம் எழுதக்கூடிய வாக்கியம் ஒன்றை இங்கே அமைத்துக் காட்டுகின்றோம்: 'அயர்லாந்து நாட்டிற் பிறந்து, நெல்லைச் சீமையின் இடையன்குடியில் வந்து தங்கி, மொழிகள் பலவற்றையுங் கற்றுத் தேர்ந்த பேரறிஞர் கால்டுவெல் ஐயரவர்கள், 1856-ஆம் ஆண்டில் ஒப்பிலக்கணம் என்னும் ஒப்புயர்வற்ற நூலை வெளியிட்டு, தமிழ் வடமொழியினின்று பிறந்ததன்று என்னும் உண்மையை முதன்முதலாக உலகிற்கு நிலைநாட்டினார்கள் என்பது வெள்ளிடைமலை.' தமிழ்க் கட்டுரையில் இவ்வாக்கியத்தைப் படித்து எவரும் முகஞ்சுளியார். வினையெச்சங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து சென்று முற்றில் அடங்குகின்றன, ஓசையும் நன்று. ஆயினும் இதனை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றிடங்களில் தடை எழும்.

முதலாவது மரியாதை பற்றியது. நம் சபைகளிற் குருமாரை 'ஐயரவர்கள்' என்று அழைத்துப் பழகிய நமக்கு, வெறும் பெயரைச் சொல்ல நாக் கூசுகின்றது. தமிழில் மரியாதை வினைமுற்றிலேயே அமைந்து கிடத்தலின், அதனை விடுத்து வாக்கியத்தை முடித்தலும் அரிது. ஆங்கில ஆய்வுரையிலோ பட்டமும் அடைமொழியும் இன்றிக் 'கால்டுவெல்' என்னும் பெயரும் ஆண்டும் மட்டுமே நிற்கும். வாழ்பவர்க்கும் மறைந்தவர்க்கும், பேராசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இவ்விதி ஒன்றே. இஃது அவமதிப்பன்று. ஒருவர் கூற்றை அவர் பெருமை கொண்டு அளவாது, அவர் காட்டிய சான்று கொண்டு அளக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. 'பேரறிஞர்', 'ஒப்புயர்வற்ற' என்பவை தமிழில் வணக்கச் சொற்கள். ஆங்கிலத்தில் அவை மெய்ப்பிக்க வேண்டிய கூற்றுகளாகிவிடும். எவ்வாற்றான் ஒப்பற்றது, எந்நூல்களோடு ஒப்பிட்டீர் என்று படிப்பவர் வினவுவார்.

இரண்டாவது உறுதி பற்றியது. 'வெள்ளிடைமலை', 'ஐயமின்று', 'யாவரும் அறிந்ததே' என முடிப்பது தமிழ்க் கட்டுரையில் நிறைவு தரும் முடிவு. ஆங்கிலத்தில் வினைச்சொல் ஒவ்வொன்றும் ஒரு படிக்கல். ஒருவர் 'ஷோஸ்' என்றால், சான்று முடிவாக உளது என எழுதுபவரும் உடன்படுகின்றார் என்பது பொருள். 'ஆர்க்யூஸ்' என்றால், காரணங்காட்டி வாதிடுகின்றார் என்னும் அளவே. 'சஜெஸ்ட்ஸ்' என்றால், சான்று அப்பக்கம் சாய்கின்றது என்பது மட்டும். இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாயின், எழுதுபவர் சான்றை மீண்டும் ஒருமுறை நோக்கியே ஆக வேண்டும்.

அவ்வாறு நோக்குங்கால் நம் வாக்கியத்தில் மறைந்திருந்த பிழை ஒன்று வெளிப்படுகின்றது. 'முதன்முதலாக' என்னும் சொல் எதனால் வந்தது? ஓசையால் வந்தது. கால்டுவெல் நூல் வெளிவருவதற்கு நாற்பது ஆண்டுகட்கு முன்னரே, 1816-இல், சென்னையில் அரசாங்க அலுவலிலிருந்த பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ் என்பவர், காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்திற்கு வரைந்த குறிப்பில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியினின்று பிறவாத ஓரினம் என்று எடுத்துக்காட்டினார். 'முதன்முதலாக' என்பதற்குச் சான்று தேடிச் சென்றவரே எல்லிஸைக் காண்பார். 'வெள்ளிடைமலை' என்று முடித்தவர் காணார். நாம் இக்கட்டுரையிற் சொல்ல விரும்புவது இதுவே. ஆங்கில உயர்நடையின் விதிகள் மேற்பூச்சல்ல. நாம் எதனை உண்மையில் அறிவோம், எதனைச் செவிவழிக் கேட்டு நம்பினோம் என்று பிரித்துக் காட்டும் சல்லடை அவை.

மூன்றாவது வரிசை பற்றியது. தமிழ் வாக்கியத்தில் பயனிலை இறுதியில் நிற்றலின், பிறப்பு, ஊர், கல்வி, நூல் ஆகிய அனைத்தையுங் கடந்தே கருத்தை அடைகின்றோம். அப்பழக்கத்தாற் பத்தியையும் அவ்வாறே அமைத்து, கருத்தைக் கடைசி வாக்கியத்தில் வைக்கின்றோம். ஆங்கிலப் பத்தியிற் பெரும்பாலும் கருத்து முதலிலும் சான்று பின்னரும் வரும். இம்மூன்று திருத்தங்களையுஞ் செய்தால், ஆங்கிலத்தில் எழுத வேண்டுவதன் பொருள் இவ்வாறு அமையும்: 'தென்னிந்திய மொழிகள் வடமொழியினின்று பிறந்தவை அல்ல என்பதற்குக் கால்டுவெல் (1856) விரிவான இலக்கணச் சான்றுகளை முன்வைத்தார். இக்கருத்தை எல்லிஸ் (1816) முன்னரே கூறியிருந்தார். ஆகவே கால்டுவெல்லின் சிறப்பு, கருத்தை முதலிற் கண்டமையில் அன்று, அதனைப் பல மொழிகளின் ஒப்பீட்டால் விரித்து நிறுவியமையிலேயே உளது எனலாம்.' அடைமொழிகள் அனைத்தும் போயின. ஆயினும் கால்டுவெல்லின் பெருமை குறைந்ததா? முன்னையினும் தெளிவாயிற்று என்றே நாம் கருதுகின்றோம்.

இத்தகைய அளவறிந்த நடை தமிழுக்குப் புதியது என்று எண்ணுவது தவறு. நம் உரையாசிரியர்கள் 'என்பாரும் உளர்' என்று பிறர் கருத்தை எடுத்துக் கூறி, காரணங்காட்டி மறுத்துச் செல்லுதல் உரைகளைப் பயின்றோர் அறிவர். 'எனலாம்', 'போலும்', 'ஆதல் கூடும்' என்னும் சொற்கள் உறுதியின் படிகளையே காட்டுகின்றன. வேறுபாடு ஒன்று உண்டு. 'என்பாரும் உளர்' என்பது அவ்வாறு கூறினார் யாவர் என்று சொல்லாது விடும் நாகரிகம். ஆங்கில ஆய்வுரையோ, யார், எந்நூலில், எவ்வாண்டில் என்று சுட்டினாலன்றி மறுப்பை ஏற்காது. பள்ளிக் கட்டுரைகள் மேடைப் பேச்சின் நடையைக் கற்பித்த அளவுக்கு உரைநூல்களின் நடையைக் கற்பிக்கவில்லை என்பதே நம் குறை.

இவ்விதிகட்கு எல்லையும் உண்டு. எல்லாவற்றிலும் ஐயக்குறி இட்டு, 'ஒருவேளை இருக்கலாம் போலும்' என்று எழுதுவாரும் தவறுகின்றார். நாள் தெரிந்த நிகழ்ச்சிக்குத் தயக்கம் வேண்டா. துறைக்குத் துறை வழக்கும் வேறுபடும்: ஆய்வுக்கூடக் குறிப்புகளில் செயப்பாட்டு வினை மிகுதியாக வழங்கும், இலக்கியத் திறனாய்விலோ 'நான்' என்று எழுதுதல் பலவிடங்களிற் குற்றமன்று. ஆங்கில விதியைக் கொண்டு தமிழில் மரியாதையை நீக்குதலும் கூடாது. எனினும் 'கூறினார்' என்பதே தமிழில் போதிய மரியாதை, 'கூறினார்கள்' வேண்டா.

ஆகலின் முதலாண்டு வகுப்புகளில் ஆங்கில இலக்கணப் பயிற்சியோடு வேறொன்றும் வேண்டும் என்பது நம் கருத்து. மாணாக்கர் தாமெழுதிய தமிழ்ப் பத்தி ஒன்றை எடுத்து, மேலே நாம் செய்தவாறு ஆங்கிலத்தில் மாற்றி எழுதட்டும். அடைமொழி ஒவ்வொன்றின் அருகேயும் 'சான்று யாது?' என்றும், வினை ஒவ்வொன்றின் அருகேயும் 'இவ்வளவு உறுதி உண்டா?' என்றும், பத்தியின் தலைப்பில் 'கருத்து எங்கே?' என்றும் எழுதி விடை காணட்டும். ஆசிரியர்களும் 'மிகையான நடை' என்று பொதுவாக எழுதாமல், இம்மூன்றனுள் எது தவறியது எனச் சுட்டியருளினால், மாணாக்கர் தம் ஆங்கில அறிவை நொந்து கொள்ளாமல், தம் வாக்கியத்தைத் திருத்திக் கொள்வர்.