மஞ்சப்பையும் ஐந்து தலைப்பும்

எழுபதைத் தாண்டிய நம் எல்லார் வீட்டிலும் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. உள்ளே ஆஸ்பத்திரிச் சீட்டுகள், ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், பாதி வெட்டிய மாத்திரை அட்டைகள். டாக்டர், "முன்னாடி உங்களுக்கு என்னென்ன வந்திருக்கு?" என்று கேட்டால் பையை அப்படியே மேசையில் கவிழ்க்கிறோம். இல்லையென்றால் கதை சொல்ல ஆரம்பிக்கிறோம். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி.

இதைச் சொன்னதும் என் சேக்காளி ஒருவர் சிரித்தார். "அண்ணாச்சி, நீரு குமாஸ்தா. கட்டம் போடாட்டா உமக்குத் தூக்கம் வராது. டாக்டருக்குத் தெரியாததா உமக்குத் தெரிஞ்சிரப் போவுது?" என்றார். அவருக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். டாக்டருக்கு வைத்தியம் தெரியும். நம் உடம்பில் போன வருஷம் என்ன நடந்தது என்பது, நாம் சொன்னால்தான் தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை ஏரல்காரர்கள் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. பாலத்துப் பக்கம் பாதை அறுந்தது. ஆற்றுப் பக்கத் தெருவில் இருந்த என் மைனி (என் மனைவியின் அக்கா) வீட்டில் நெஞ்சளவு தண்ணீர். உயிர் தப்பியது. மஞ்சப்பை போய்விட்டது.

நாலாம் நாள் மருத்துவ முகாம் போட்டார்கள். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?" என்று கேட்டார்கள். மைனி, "சுகருக்கும் பிரஷருக்கும்" என்றாள். அதைக் கொடுத்தார்கள். அவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை, சொன்னதற்குக் கொடுத்தார்கள். மைனி சொல்லாமல் விட்டது ஒன்று. அந்த ஆகஸ்டில்தான் அவளுக்கு மாரடைப்பு வந்து இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்று, ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை. மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துச் சாதாரணமாக ஒரு வருஷம் சாப்பிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையக்கூடும். மைனிக்கு அது ஆபரேஷன் இல்லை, "கையில வயர் விட்டுப் பாத்தாவ", அவ்வளவுதான்.

பன்னிரண்டு நாள் அந்த இரண்டும் இல்லாமல் இருந்தாள். பதிமூன்றாம் நாள் விடியற்காலையில் நெஞ்சுவலி. பிழைத்துவிட்டாள். ஆனால் இதயத்தின் பலம் பாதியாகிவிட்டது. இன்று நாலு படி ஏறினால் உட்கார வேண்டியிருக்கிறது. ஆகஸ்டில் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் படித்து, மடித்துப் பைக்குள் வைத்தவன் நான். முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் கோப்பு பார்த்தவன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அப்பாவின் பழைய ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்று என்னிடம் உண்டு. அதில் முதலில் வரும் சொல் 'ஆந்தெசெதான்'. முன்பு நடந்தவை என்று அர்த்தம். அதன் கீழே நோய், அறுவை, குடும்பம் என்று தனித்தனி வரி. பிறகு ஒவ்வாமை, இப்போதைய மருந்து. ஐந்தே தலைப்பு. பொங்கல் கழிந்ததும் மைனியை உட்கார வைத்து, குறுக்கே பேசாமல், அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன்:

"இருபது வருசமா சுகர். பிரஷர் இருந்துச்சு, மாத்திரை போட்டு இப்ப இல்ல. சின்னதுல மஞ்சக்காமாலை. பென்சிலின் ஊசி ஆகாது, பள்ளிக்கூடத்துல போட்டு மயங்கி விழுந்தேன். சல்பா மாத்திரையும் ஆகாது, ஒடம்பெல்லாம் தடிச்சு வாயெல்லாம் புண்ணாகித் தோலு உரிஞ்சிட்டு. சுகர் மாத்திரை ஒண்ணு ஆகாது, வயித்தால போவும். கர்ப்பப்பை எடுத்தாச்சு, கடைசிப் பய அஞ்சாங் கிளாஸ். அப்பாவுக்கு மாரடைப்பு. மாமியாருக்குச் சுகர். தங்கச்சிக்கு மார்ல கட்டி."

முதல் தலைப்பு ஒவ்வாமை. இங்கேதான் 'ஆகாது' என்ற நம் சொல் கெடுக்கிறது. மூன்று 'ஆகாது' இருக்கிறது, மூன்றும் வேறு வேறு. சல்பா உண்மையான ஆபத்து. தோல் உரிந்து வாய் புண்ணானால் அந்த மருந்தை இந்த ஜென்மத்தில் தொடக்கூடாது. அதை முதல் வரியில் சிவப்பு மையில் எழுதினேன். சுகர் மாத்திரை விஷயம் ஒவ்வாமையே அல்ல. அது மெட்பார்மின். வயிற்றுப்போக்கு அதன் பக்க விளைவு. மெதுவாகக் கரையும் வகையாக மாற்றிக் கொடுத்ததை இன்றைக்கும் மைனி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்! ஒவ்வாமை என்று எழுதியிருந்தால் ஒரே மருந்து 'ஆகாது' கட்டத்திலும் 'சாப்பிடுகிறார்' கட்டத்திலும் இருந்திருக்கும். எல்லாவற்றையும் அதே கட்டத்தில் கொட்டினால் சல்பா அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகும் என்பது இன்னொரு கெடுதல்.

பென்சிலின் கதை வேறு. ஊசிக்குப் பயந்தும் பிள்ளைகள் மயங்கும். பென்சிலின் ஆகாது என்று சொல்லிக்கொள்பவர்களைச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அப்படி இல்லை என்றே வருகிறது. அதற்காக நான் அதை அடிக்க முடியுமா? கூடாது. "பென்சிலின் ஊசி, சுமார் 10 வயது, உடனே மயக்கம், தடிப்பு இல்லை, பிறகு போட்டதில்லை" என்று எழுதினேன். என்ன மருந்து, என்ன ஆனது, எவ்வளவு நேரத்தில், எத்தனை வருஷம் முன்பு, இந்த நாலும் இருந்தால் தீர்ப்பை டாக்டர் சொல்லிக்கொள்வார்.

இரண்டாவது நோய், நாலாவது மருந்து. இவை இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், வரவு செலவு நேர் செய்வதுபோல. ஒவ்வொரு மாத்திரைக்கும் எதிரே ஒரு நோய் இருக்க வேண்டும். தீராத ஒவ்வொரு நோய்க்கும் எதிரே ஒரு மாத்திரையோ, ஏன் இல்லை என்ற காரணமோ இருக்க வேண்டும். மாத்திரை அட்டைகளைப் பரப்பினேன். பிரஷர் 'இப்ப இல்ல' என்றவள் அதற்கு மாத்திரை சாப்பிடுகிறாள், ஆக பிரஷர் இருக்கிறது, அடங்கி இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, எதிரே நோய் இல்லை. பெயரைப் படித்தால் தைராய்டுக்கானது. அவள் கதையில் தைராய்டு என்ற சொல்லே இல்லை. மஞ்சள்காமாலைக்கு மாத்திரை இல்லை, அது முடிந்துபோன நோய். இந்த நேர்பார்ப்பை ஆகஸ்டிலேயே செய்திருந்தால், எதிரே நோய் இல்லாத இரண்டு மாத்திரைகள் கண்ணில் குத்தியிருக்கும். பிள்ளைகள் கையிலும் ஒரு நகல் இருந்திருக்கும்.

மருந்தைக் கம்பெனிப் பெயரில் மட்டும் எழுதாதீர்கள். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்பதையும் எழுதுங்கள். இரண்டு கம்பெனிப் பெயரில் ஒரே மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிடுபவர்கள் உண்டு. பெயர் வெட்டுப்பட்ட அட்டையை மெடிக்கலில் வாங்காதீர்கள். முட்டுவலிக்கு நாமாக வாங்குவது, நாட்டு மருந்து, எல்லாம் இந்தத் தலைப்பில் வர வேண்டும்.

மூன்றாவது அறுவை. கத்தி வைத்தால்தான் ஆபரேஷன் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். வயர் விட்டது, உள்ளே எதையாவது வைத்தது எல்லாம் இதில் சேரும். வருஷம் தெரியாவிட்டால் குடும்பக் கணக்கில் கண்டுபிடிக்கலாம். கடைசிப் பையன் 1981-இல் பிறந்தான், அப்போது ஐந்தாம் வகுப்பு. 'சுமார் 1991' என்று எழுதினேன். 'சுமார்' என்ற சொல்லை விடக்கூடாது.

ஐந்தாவது குடும்பம். யாருக்கு, என்ன, எந்த வயதில் என்று மூன்றும் வேண்டும். அப்பாவுக்கு எண்பதில் மாரடைப்பு என்பது ஒரு சேதி, 52-இல் என்பது வேறு சேதி. மைனியின் அப்பாவுக்கு 52. அடுத்தது மாமியார். மாமியாரின் சுகர் மருமகளுக்கு வராது, அது ரத்த உறவு இல்லை என்று பேனாவை எடுத்தேன். என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ மாமியா எங்க சொந்த அத்தைல்லா!" அப்பாவின் கூடப்பிறந்தவள். நம் ஊரில் இப்படித்தானே கல்யாணம்! ஆக அது நிற்கும். வேற்று ஊர்ப் படிவம் இதைக் கேட்காது. நாம்தான் 'அத்தை மகனைக் கட்டியவர்' என்று எழுத வேண்டும், அவள் பிள்ளைகளுக்கும் அது தேவைப்படும்.

என் கட்சிக்காரர்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது. மைனியின் பேரன் இதையெல்லாம் அழகாக டைப் அடித்துக் கொண்டுவந்தான். 'மார்ல கட்டி' என்பது 'மார்பகப் புற்றுநோய்' ஆகியிருந்தது. சென்னையில் இருக்கும் தங்கச்சியிடம் போனில் கேட்டோம். அது சாதாரணக் கட்டி, எடுத்துவிட்டார்கள், புற்றுநோய் இல்லை. பிரித்து எழுதுகிறவன் சொன்னதைப் பெரிதாக்கவும் கூடாது, சிறிதாக்கவும் கூடாது. அதனால்தான் அவள் சொன்ன முழு வாக்குமூலத்தையும் தாளின் பின்பக்கத்தில் அப்படியே ஒட்டச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'சீட்டுப்படி' அல்லது 'வாய்மொழி' என்று குறித்தேன்.

காலிக் கட்டமும் ஆபத்து. 'இல்லை' என்பது கேட்டுத் தெரிந்த பதில். காலி என்றால் யாரும் கேட்கவே இல்லை என்று அர்த்தம். ஆகவே 'இல்லை' அல்லது 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். மருந்து மாறினால் பழைய வரியை ஒரே கோடாக அடித்து, தேதி போட்டுப் புதிதை எழுதுங்கள். இந்தத் தாளைப் பார்த்து நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

மைனியின் தாள் இப்போது நாலு இடத்தில் இருக்கிறது. அவள் வீட்டுப் பிளாஸ்டிக் உறையில், என் வீட்டில், பேரன் செல்போனில், சென்னைத் தங்கச்சியிடம். ஆறு மறுபடி ஊருக்குள் வந்தாலும் நாலும் ஒன்றாகப் போகாது.

என் சேக்காளியிடம் போன வாரம், "ராத்திரி போடுறீரே, அது என்ன மாத்திரை வே?" என்று கேட்டேன். "வெள்ளையா, சின்னதா இருக்கும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பையோடு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.