சுகம் விசாரிக்கச் செல்வோர் கையில்

கல்முனையிலும் அதனையடுத்த கரையோர ஊர்களிலும் நோயாளியைச் சென்று சுகம் விசாரிப்பது மார்க்கக் கடமையாகவே பேணப்படுவதால், அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் வயிற்றில் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய சக உத்தியோகத்தரைக் காணப் புறப்படுகிறவர், வெறுங்கையோடு செல்ல மனமின்றி, வட்டிலப்பத்தையோ பிஸ்கட் பெட்டியையோ வாங்கிக்கொள்வதுண்டு. ஆயினும், நீரிழிவுள்ளவருக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் காயம் ஆறுவது தாமதமாகும் ஆதலின், வைத்தியர் விதித்த பத்தியத்தை வீட்டாரிடம் கேட்டறியாமல் உணவுப்பொருள் எதனையும் கொண்டுசெல்லாதிருப்பதே உத்தமம். உடையும் வாசனைத் திரவியமும் அந்தரங்கத்தைத் தொடுவன; தனியொருவர் நீட்டும் பண உறையோ, திருப்பிச் செய்யவேண்டிய கடனாக மனத்தை உறுத்துவது. என் அபிப்பிராயத்தில், காரியாலயத்தார் அனைவரும் கூடி அளிக்கும் சிறிய, உறுதியான தலையணையே சாலச் சிறந்தது: இருமும்போதும் தும்மும்போதும் அதனைத் தையலின்மேல் மெல்ல அணைத்துப் பிடித்தால், வயிற்றுத் தசைகளுக்குத் தாங்கல் கிடைத்து வேதனை தணியும். பெண் உத்தியோகத்தராயின், அதனைச் சக பெண்கள் கையளிப்பது சங்கடத்தைத் தவிர்க்கும். வருவோர்க்கெல்லாம் தேநீர் ஊற்றிக் களைத்த குடும்பத்தினருக்கு ஒருவேளைச் சோறும் கறியும் கொண்டுசென்று, சிகிச்சையின் விவரங்களைத் துருவாமல் கால்மணி நேரத்தில் விடைபெறுவதும் உபகாரமே. நோயாளியின் மேசையில் தேங்கிய கோவைகளைக் காரியாலயத்தார் தாமே பகிர்ந்து முடித்துவிட்டதாகத் தெரிவிப்பார்களாயின், உத்தியோகக் கவலையின்றி அவர் உறங்குவதற்கு அதுவே பேருதவியாகும்.