அரசு ஜீப்பும் அழகான லாக் புக்கும்

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டப வாசலில் அரசு ஜீப் நிற்பதைப் படம் எடுத்து இங்கே போடுகிறோம், திட்டுகிறோம், மறந்துவிடுகிறோம். அந்த வண்டியின் லாக் புக்கில் அன்றைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

லாக் புக்கில் தேதி, புறப்பட்ட நேரம், எங்கிருந்து எங்கே, என்ன வேலை, மீட்டர் தொடக்கம், மீட்டர் முடிவு, போட்ட டீசல், பயணம் செய்த அதிகாரியின் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். மாதக் கடைசியில் கணக்கு முடிப்பார்கள். தொடக்க இருப்பு 20 லிட்டர், போட்டது 100, மீதி 15 என்றால் செலவு 105 லிட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று அந்த வண்டிக்கு நிர்ணயித்திருந்தால் 1,260 கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டும். புத்தகத்திலும் 1,260 இருந்தால் தணிக்கையில் டிக் விழும்.

எனக்குச் சந்தேகமே அங்கேதான். மலைச்சாலை, மழைக்காலம், ஏ.சி. எது வந்தாலும் மாதாமாதம் சரியாக 12 வருமா? நாற்பது நோட்டிலும் ஒரே விடை, ஒரே வழிமுறை என்றால் வாத்தியாருக்குத் தெரியாதா என்ன! மாதக் கடைசியில் ஒரே பேனாவில் உட்கார்ந்து எழுதிய புத்தகம் அது.

இதைப் பிடிக்க வழி உண்டு. வண்டியை சர்வீஸுக்கு விடும்போது ஒர்க்‌ஷாப்காரர் தன் ஜாப் கார்டில் மீட்டரைக் குறிப்பார். அதில் 83,940, அதே நாள் லாக் புக்கில் 84,310 என்றால் 370 கிலோமீட்டர் ஓடாமலே எழுதப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய 31 லிட்டர் டீசல் வேறு எங்கோ போயிருக்கிறது.

ஆனால் கல்யாணத்துக்குப் போன வண்டி இதில் சிக்காது. வண்டி உண்மையில் ஓடியது, டீசலும் உண்மையில் எரிந்தது. 'என்ன வேலை' என்ற கட்டத்தில் மட்டும் 'முகாம்' என்றோ 'அலுவல் பணி' என்றோ எழுதியிருக்கும். என் கருத்தில் அந்த இரண்டு சொற்களையும் ஏற்கவே கூடாது. எந்த ஊர், எந்தப் பள்ளி அல்லது எந்த வேலைத்தளம், என்ன ஆய்வு என்று எழுதாத பயணத்துக்கான டீசலை அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்க வேண்டும். கையெழுத்தும் வண்டியை விட்டு இறங்கும்போதே விழவேண்டும். இன்று நடப்பது என்ன? அதிகாரி சொல்வதை டிரைவர் எழுதுகிறார். பிரச்சினை வந்தால் "எழுதியது அவர்தானே" என்று டிரைவர் தலையில்தான் விடிகிறது. அவர் மாட்டேன் என்று சொன்னால் மறுமாதமே இடமாற்றம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு யாரும் கேட்கலாம். பிரிவு 2(ஜெ)-யின்படி பதிவேட்டை நேரில் பார்வையிடவும் உரிமை உண்டு. லாக் புக்கை மட்டும் கேட்டால் அழகான கையெழுத்துதான் கிடைக்கும். அதே மாதத்து டீசல் பில், அதிகாரியின் பயண நாட்குறிப்பு இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளை முதலில் பாருங்கள்.