பிறந்த வருடத்தைக் கேட்பது வேறு, அத்தாட்சி கேட்பது வேறு



வளர்ந்தவர்களுக்கான கேம் ஒன்றை இணையக் கடையில் திறந்தால் முதலில் பிறந்த திகதியைக் கேட்கும் சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் என்ன போட வேண்டும் என்று தரம் 7 பிள்ளைக்கும் தெரியும். வருடத்தை 1990க்குத் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவான். கணக்குப் பாடத்தில் கழித்தல் வராதவன்கூட இதில் பிழைவிடுவதில்லை. எங்கள் பார்வையில் அந்தப் பெட்டி பிள்ளையைத் தடுப்பதற்காக வைக்கப்பட்டதே அல்ல. "நாங்கள் கேட்டோம், அவர் பொய் சொன்னார்" என்று கடை பிறகு சொல்லிக்கொள்வதற்காக வைக்கப்பட்டது.

இப்போது சில கடைகள் இதோடு நிற்பதில்லை. கடன் அட்டையைப் பதியச் சொல்கின்றன, அடையாள அட்டையின் படத்தைக் கேட்கின்றன, கமராவில் முகத்தைக் காட்டச் சொல்கின்றன. "ஒரு கேமுக்கு எதற்கு ஐடி? இது களவு வேலையா?" என்று பெற்றோர் சிலர் எங்களிடம் கேட்டார்கள். சில இடத்தில் அது நியாயமான கேள்வி, சில இடத்தில் உண்மையிலேயே களவு. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமென்றால் கடை ஏன் கேட்கிறது என்று முதலில் விளங்க வேண்டும்.

நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஜி.டி.ஏ. 5 கேமையே எடுப்போம். ஐரோப்பாவின் பெகி முறையில் அதற்கு 18. ஜெர்மனியின் யு.எஸ்.கே. முறையிலும் 18. அமெரிக்காவில் 'எம்', அதாவது 17க்கு மேல். மூன்று இடத்திலும் தீர்ப்பு ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அந்தத் தீர்ப்பைக் கடையில் யார் காவல் காக்கிறார் என்பதில்தான் வித்தியாசம்.

அமெரிக்காவில் சட்டம் காவல் காப்பதில்லை. மிதமிஞ்சிய வன்முறையுள்ள கேம்களை 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் 2005இல் சட்டம் கொண்டுவந்தது. கேமும் புத்தகத்தைப் போல ஒரு பேச்சுரிமைதான் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2011இல் அதை இரத்துச் செய்துவிட்டது. அப்படியென்றால் அங்கே கடைக்காரர் யாருக்கும் விற்கலாம்தானே? ஆனாலும் பெரிய கடைகளில் ஐடி கேட்கிறார்கள், தங்கள் சொந்த விதியாகவே கேட்கிறார்கள். காரணம், அவர்களைச் சோதித்துப் பார்க்க ஒருவர் இருந்தார். பெடரல் டிரேட் கமிஷன் என்ற அரச நிறுவனம் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளைத் தனியே கடைக்கு அனுப்பி, 'எம்' கேம் கேட்டு வாங்கச் சொல்லும். 2000இல் அப்படிப் போன பிள்ளைகளில் 85 வீதமானோர் வாங்கிக்கொண்டு வந்தார்கள். 2013இல் வாங்க முடிந்தது 13 வீதமானோருக்குத்தான். இடையில் புதுச் சட்டம் எதுவும் நிலைத்து நிற்கவில்லை. எந்தக் கடை எப்படி நடந்துகொண்டது என்று ஊருக்குத் தெரிய வரும் என்ற பயம் மட்டும் இருந்தது. எங்களுக்கு இதில் பெரிய பாடம் இருப்பதாகப் படுகிறது, குறிப்பாக நமது ஊர்க் கடைத்தெருவை நினைக்கும்போது.

பிரித்தானியா வேறு மாதிரி. அங்கே கடையில் பெகி 18 கேமை வயது குறைந்த பிள்ளைக்கு விற்பது 2012 முதல் குற்றம். இணையத்துக்கு 2025 ஜூலை 25 முதல் இன்னொரு கட்டுப்பாடு அமுலுக்கு வந்தது. ஒன்லைன் சேஃப்டி அக்ட் என்ற அந்தச் சட்டத்தின்படி, ஆபாசம் போன்ற பிள்ளைகளுக்குக் கேடான உள்ளடக்கத்தைக் காட்டும் தளங்கள் வயதை உருப்படியாகச் சரிபார்க்க வேண்டும். பிறந்த திகதிப் பெட்டி அந்தக் கணக்கில் சேராது. தவறினால் தண்டம் 1 கோடி 80 இலட்சம் பவுண்ட் வரை, அல்லது உலகளாவிய வருமானத்தில் 10 வீதம் வரை. எது கூடவோ அது. இப்போது விளங்கும், கடைகளுக்குத் திடீரென்று ஏன் இவ்வளவு அக்கறை வந்தது என்று.

கணினி கேம்களின் பெரிய கடையான ஸ்டீம் இதற்குக் கண்டுபிடித்த வழியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அது அடையாள அட்டையைக் கேட்கவில்லை, முகத்தையும் கேட்கவில்லை. பிரித்தானியப் பயனர் தன் கணக்கில் ஒரு கடன் அட்டையைப் பதிந்து வைத்திருந்தால் போதும், வளர்ந்தவர்களுக்கான பக்கங்கள் திறக்கும். டெபிட் கார்ட் செல்லாது. ஏனென்றால் அங்கே டெபிட் கார்ட் சிறுவர்களுக்கும் கிடைக்கும், கடன் அட்டை 18 வயதுக்கு முன் யாருக்கும் கிடைக்காது. ஆளின் வயதை வங்கி ஏற்கெனவே பார்த்துவிட்டது, அந்த வேலையைக் கடை திரும்பச் செய்யவில்லை. கேம் வாங்கும்போது கொடுக்கிற அதே விபரத்துக்கு மேல் புதிதாக எதுவும் கடையின் கைக்குப் போவதுமில்லை. அட்டை கணக்கிலேயே கிடப்பதால், அந்தக் கணக்கைக் கூட்டாளிமாரிடம் கொடுக்கவும் மனம் வராது.

கெட்டிக்கார வழிதான், ஆனால் ஓட்டை இல்லாததல்ல. வாப்பாவின் கடன் அட்டை பதியப்பட்ட கணக்கில் மகன் விளையாடினால், கடையின் கண்ணுக்கு விளையாடுவது வாப்பாதான். மறுபக்கம், வட்டிக்கு அஞ்சிக் கடன் அட்டையே எடுக்காமல் இருக்கும் ஐம்பது வயது மனிதர் அந்தக் கடையின் பார்வையில் பிள்ளையாகிவிடுகிறார். லண்டனிலும் லெஸ்டரிலும் நமது சொந்தக்காரர் பலர் அப்படி இருப்பதால் இதைச் சொல்கிறோம். வயதை நிரூபிக்க ஒரே ஒரு வழியை மட்டும் வைப்பது சரியல்ல.

ஜெர்மனியில் தபாலில் 18 கேம் வாங்கினால் நடப்பதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. வாங்கும்போதும் வயதைப் பார்க்க வேண்டும், பொதியைக் கொடுக்கும்போதும் பார்க்க வேண்டும். பெயர் போடப்பட்டவர் வாசலுக்கு வந்து அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போக முடியாது. கொண்டுவந்தவர் அட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், பொதியைக் கொடுப்பார், போவார். உங்கள் அட்டையின் படம் ஒரு கணினியில் வருடக்கணக்காகக் கிடக்க வேண்டிய தேவையில்லை.

அட்டையைப் பார்ப்பதும் அட்டையை வைத்துக்கொள்வதும் ஒன்றல்ல. எங்கள் பயம் முழுவதும் இரண்டாவதில்தான். கேம் விளையாடுவோர் கூடிப் பேசும் டிஸ்கோர்ட் தளத்தில், வயது பிழையாகக் கணிக்கப்பட்டவர்கள் மேன்முறையீடு செய்ய அடையாள அட்டைப் படங்களை அனுப்பியிருந்தார்கள். வாடிக்கையாளர் முறைப்பாடுகளைக் கவனித்த வெளிநிறுவனம் ஒன்றின் வழியாகக் களவு நடந்து, ஏறத்தாழ 70,000 பேரின் அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று 2025 ஒக்டோபரில் டிஸ்கோர்டே அறிவித்தது. அந்த 70,000 பேரும் செய்தது சொன்னதைக் கேட்டது மட்டும்தான். கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம். பிறந்த திகதியை மாற்ற முடியுமா?

இனி நமது அடையாள அட்டைக்கு வருவோம். பழைய அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இலக்கம் 90545 என்று தொடங்கினால் 1990, பெண், 45ஆவது நாள், அதாவது பெப்ரவரி 14. புதிய 12 இலக்க அட்டையிலும் இதே முறைதான், வருடம் மட்டும் நான்கு இலக்கத்தில் முழுமையாக இருக்கும். ஆகவே இலக்கத்தைக் கொடுத்தால் பிறந்த திகதியும் கூடவே போய்விடுகிறது. ஆனால் இலக்கத்தைத் தட்டச்சுச் செய்வது அத்தாட்சி ஆகாது, உம்மாவின் அட்டை வீட்டு அலுமாரியில்தான் இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கான தளம் ஒன்றைப் பற்றிய வழக்கில் ஜெர்மனியின் உயர் நீதிமன்றம் 2007இலேயே இதைச் சொல்லிவிட்டது. அட்டை இலக்கத்தைப் பதிவது மட்டும் போதாது, பெற்றோரின் அட்டை பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும் என்று.

இன்னொன்றையும் பல பெற்றோர் யோசிப்பதில்லை. நமது நாட்டில் 15 வயது பூர்த்தியானதும் அடையாள அட்டை எடுக்கலாம். சாதாரண தரப் பரீட்சைக்காகப் பாடசாலையில் நாங்களே விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறோம். எனவே "மகனிடம் ஐடி இருக்கிறது" என்பதற்கு "மகனுக்கு 18" என்று அர்த்தமில்லை. ஊரில் சீடியும் கேம் கார்டும் விற்கும் சகோதரர்கள் ஐடி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு விட்டுவிட வேண்டாம், திகதியைப் பாருங்கள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். போனில் படம் எடுக்க வேண்டாம்.

வீட்டில் பிளேஸ்டேஷன் உள்ளவர்களுக்கு ஒரு விடயம். அதன் இணையக் கணக்கைத் திறக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை நீண்ட காலமாக இல்லாததால், நம்மவர்கள் அமெரிக்கா, பிரித்தானியா என்று கைக்கு வந்த நாட்டைப் போட்டுத் திறந்திருக்கிறார்கள். எந்த நாட்டைப் போட்டீர்களோ அந்த நாட்டு விதிதான் அந்தக் கணக்கைத் தேடி வரும். கல்முனையில் இருக்கும் பிள்ளையிடம் பிரித்தானியச் சட்டம் வயதைக் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அப்படிக் கேட்கும்போது, கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நீங்களாகவே கடையின் செயலியைத் திறந்து, கணக்கின் அமைப்புகளுக்குள் போனால் அங்கேயும் அதே கோரிக்கை இருக்கிறதா? இருந்தால் அது கடை கேட்பது. வட்ஸ்அப்பில் வந்த இணைப்பு, "24 மணித்தியாலத்துக்குள் ஐடி அனுப்பாவிட்டால் கணக்கு மூடப்படும்" என்ற மின்னஞ்சல், "இலவச டயமண்ட்" தருவதாகச் சொல்லி அட்டையின் இரண்டு பக்கத்தையும் கேட்கும் பக்கம், இவற்றுக்கு எதையும் அனுப்ப வேண்டாம். கடையே கேட்டாலும் வழிகள் பல இருந்தால் அட்டைப் படத்தைக் கடைசியாக வையுங்கள். அதைச் சரிபார்ப்பது கடையா, வேறு நிறுவனமா, எத்தனை நாளில் அழிப்பார்கள் என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதாத இடத்துக்கு அனுப்புவதை விட அந்தக் கேமை விட்டுவிடலாம்.

பிள்ளைக்கு இன்னும் 18 ஆகவில்லையென்றால் அத்தாட்சி தேடும் வேலையே உங்களுக்கு இல்லை. பிள்ளையின் உண்மையான பிறந்த திகதியைப் போட்டு, பெற்றோரின் கணக்குக்குக் கீழே பிள்ளைக் கணக்கு ஒன்றைத் திறக்கலாம். பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ், நின்டெண்டோ மூன்றிலும் அந்த வசதி இருக்கிறது. எத்தனை வயதுக் கேம் வரை திறக்கலாம் என்பதை நீங்களே அதில் வைக்கலாம். உங்கள் கணக்கின் கடவுச்சொல் மகனுக்குத் தெரியுமா என்பதை மட்டும் இன்றிரவு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.