காதை விட்டுவிட்டுக் கையைக் கீறினால்

தொம்மலூரில் தோல் நோய்களுக்கு கிளினிக் நடத்தும் டாக்டர் ஒருவர், தொழுநோய்க்கான தோல் கீறல் சோதனையை அடியோடு கைவிட வேண்டும் என்று கட்டுரை எழுதியிருக்கிறார். தேமல்களை எண்ணினால் போதும், கீறிப் பார்ப்பது வீண் வேலை என்பது அவர் வாதம். அதற்கு அவர் காட்டும் சான்று ஒரே ஒரு நோயாளி. கீறல் எடுத்து, சாயமேற்றி, ஸ்லைடு பார்ப்பதே என் தொழில். அந்த நோயாளியின் கதையை அவர் எழுதியபடியே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். முகம் எண்ணெய் தடவியதுபோல மினுமினுப்பு, தடித்த காதுகள், புருவ ஓரத்தில் முடி உதிர்வு, ஓயாத மூக்கடைப்பு. முன்கையில் மங்கலான ஒரு தேமல். பல மாதம் ஒவ்வாமை மருந்து கொடுத்துப் பலனில்லாமல், முன்கைத் தேமலின் நடுவில் கீறி ஒரே ஒரு ஸ்லைடு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார். ‘கிருமி இல்லை’ என்று முடிவு வந்தது. பிறகு காதில் எடுத்த பயாப்ஸியில் கிருமி கூட்டம் கூட்டமாக இருந்தது. ஆகவே கீறல் சோதனை பொய் சொல்கிறது என்று தீர்ப்பெழுதிவிட்டார்.

பயாப்ஸிக்குக் காதைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர், கீறலுக்கு ஏன் கையைத் தேர்ந்தெடுத்தார்? ஒரே கிருமியை ஒரு சோதனை காதில் தேடியது, இன்னொன்று கையில் தேடியது. இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றைக் குற்றவாளியாக்குவது எந்த அறிவியல்? தொழுநோய்க் கிருமிக்கு உடலின் குளிர்ந்த பகுதிகள்தான் பிடிக்கும். அதனால்தான் கம்மல் குத்தும் அந்தத் தொங்கு சதையை முதலில் கீறுகிறோம். அடுத்ததாகப் புருவத்துக்கு மேலே, பிறகு தேமலோ தடிப்போ இருந்தால் அங்கே. தேமலிலும் நடுப்பகுதி பெரும்பாலும் ஆறிவரும் இடம். சிவந்து, மேடிட்டு, இன்னும் பரவிக்கொண்டிருக்கும் விளிம்பில்தான் பிளேடை வைக்க வேண்டும். காதுகள் கண்ணெதிரே தடித்துத் தொங்க, ஆறிய தேமலின் நடுவைக் கீறியது அவர் கை. சோதனைமீது பழி போடுவது அநியாயம்.

இனி, எடுத்த விதம். தோலை இரண்டு விரல்களுக்கிடையில் மடித்து, இரத்தம் வடிந்து வெளிறும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடியைத் தளர்த்தாமல் 5 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் ஆழம் கீற வேண்டும். பிளேடைக் குறுக்காகத் திருப்பி, கீறலின் உட்சுவரை இரண்டு மூன்று முறை சுரண்ட வேண்டும். பிளேடில் ஒட்டி வருவது இரத்தமாக இருக்கக் கூடாது, வெளிறிய திசுக்கூழாக இருக்க வேண்டும். அதைத்தான் ஸ்லைடில் சிறு வட்டமாகப் பரப்புகிறோம். அவர் கட்டுரையோடு அச்சிட்டிருக்கும் ஸ்லைடின் படம் செம்பழுப்பாக இருக்கிறது. பிடி தளர்ந்து இரத்தம் கலந்ததற்கு அதைவிடச் சான்று வேண்டாம். தன் பிழையைத் தானே படம் பிடித்துப் போட்டிருக்கிறார்.

மூன்றாவது பிழை அவருக்குப் பிழையாகவே தெரியவில்லை. ‘காசநோய்ச் சளிக்குச் செய்வதுபோலவே 25 சதவீதக் கந்தக அமிலத்தில் நிறம் நீக்கினார்கள்’ என்று ஆய்வகத்துக்கு நற்சான்று வழங்குகிறார். தொழுநோய்க் கிருமியும் கார்பால் ஃபுக்சினின் சிவப்பை ஏற்று அமிலத்தைத் தாங்கக்கூடியதுதான். ஆனால் காசநோய்க் கிருமி அளவுக்குத் தாங்காது. அதற்கு 5 சதவீதக் கந்தக அமிலம், அல்லது ஒரு சதவீத அமில ஆல்கஹால் போதும். 25 சதவீதத்தில் அந்தச் சிவப்பும் கழுவிப்போய், மெத்திலீன் நீலத்தின் பின்னணி மட்டும் மிஞ்சும். பார்க்கிறவர் நூறு களங்களைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று நேர்மையாகவே எழுதுவார். கிருமி இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு ஸ்லைடையும் அதே தொகுதியில் சேர்த்துச் சாயமேற்றியிருந்தால், அதுவும் வெறுமையாக வந்து குட்டு வெளிப்பட்டிருக்கும். அப்படிச் செய்ததாக ஒரு வரி இல்லை.

பயாப்ஸிக்குப் பிறகு வேறொரு ஆய்வகத்தில் முறையாக ஆறு இடங்களில் கீறியிருக்கிறார்கள். வலது காது 5+, இடது காது 4+, புருவம் 3+, முன்கை, முதுகு, தொடை மூன்றிலும் பூஜ்யம். கூட்டினால் 12, ஆறால் வகுத்தால் கிருமிக் குறியீடு 2. ‘வெறும் 2, லேசான நோய்’ என்று எழுதுகிறார். எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான்.

ரிட்லியின் அளவுகோல் லாக் அளவுகோல். ஒவ்வொரு கூட்டல் குறியும் பத்து மடங்கு. 2+ என்றால் பத்துக் களங்களில் ஒன்று முதல் பத்துக் கிருமி. 5+ என்றால் ஒரே களத்தில் நூறு முதல் ஆயிரம். இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம். நோயின் அடையாளமே இல்லாத முதுகையும் தொடையையும் சேர்த்துச் சராசரி எடுத்து, காதிலிருக்கும் ஆயிரம் மடங்கை மறைத்துவிட்டார். கிருமி தெரிந்த மூன்று இடங்களை மட்டும் எடுத்தால் அதே நோயாளிக்குக் குறியீடு 4. அதனால்தான் முறையான அறிக்கை சராசரியோடு நிற்காது, ஒவ்வோர் இடத்தின் எண்ணையும் தனித்தனியாகச் சொல்லும். அடுத்த முறையும் அதே இடங்களில்தான் கீற வேண்டும், இல்லையென்றால் ஒப்பிடவே முடியாது. குறியீடு 4-ஐத் தொட்டவர்களுக்கு சிவந்த வலிமிகு முடிச்சுகளோடு வரும் எதிர்வினையும், சிகிச்சை முடிந்தபின் நோய் திரும்புவதும் அதிகம். ‘லேசான நோய்’ என்று எழுதிய கையால் அந்தக் கண்காணிப்பையும் அவர் அடித்துவிட்டார்.

ஓராண்டு மாத்திரைக்குப் பிறகும் குறியீடு ஒரு புள்ளிகூட இறங்கவில்லை என்பது இன்னொரு குற்றச்சாட்டு. குறியீடு செத்த கிருமியையும் சேர்த்தே எண்ணுகிறது. உடல் அந்தப் பிணங்களை மெல்லத்தான் அகற்றும், ஆண்டுக்கு அதிகபட்சம் ஏறத்தாழ ஒரு புள்ளி. நோய் திரும்பியதா என்று சந்தேகிக்க வேண்டியது எண் இறங்காதபோதல்ல, ஏதேனும் ஓரிடத்தில் முன்பைவிட இரண்டு புள்ளி ஏறும்போது.

கடைசியில் உலக சுகாதார நிறுவனத்தைத் துணைக்கு அழைக்கிறார். சிகிச்சை தொடங்கக் கீறல் சோதனை கட்டாயமில்லை என்று 1998-இல் அதன் நிபுணர் குழு சொன்னது உண்மை. பல ஊர்களில் சோதனையின் தரம் மோசமாக இருந்ததும், கூடவே பிளேடு வழியே எச்.ஐ.வி. பரவும் அச்சமும் காரணங்கள். நோயாளிக்கு நோயாளி புதுப் பிளேடு வைத்தால் தீரும் அச்சம் அது. ஆனால் அதே நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலை அவர் விட்டுவிட்டார். தேமல்கள் எத்தனையாக இருந்தாலும், கீறலில் கிருமி தெரிந்தால் அது பல கிருமி வகைதான் என்று அது சொல்கிறது. தேமல் எண்ணும் முறையில் இந்தத் தொழிலாளிக்குக் கணக்கு ஒன்று. குறைந்த கிருமி வகையில் விழுந்து, பாதிக் காலச் சிகிச்சையோடு அனுப்பப்பட்டிருப்பார்.

கீறல் சோதனைக்கு எல்லை உண்டு. ஒரு கிராம் திசுவில் ஏறத்தாழ பத்தாயிரம் கிருமிக்குக் கீழே இருந்தால் அது கண்ணில் படாது. ஆகவே உணர்விழந்த ஒற்றைத் தேமலோடு வருபவரிடம் ‘கிருமி இல்லை’ என்ற முடிவு, நோய் இல்லை என்று பொருளாகாது. இதைச் சொல்லி அவர் வாதாடியிருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். அவர் எடுத்துக்கொண்டதோ கிருமி பொங்கி வழிந்த நோயாளி. இந்தச் சோதனை மிக நன்றாக வேலை செய்யும் நோயாளி.

அந்தத் தொழிலாளி வேலையிடத்துத் தகரக் கொட்டகையில் இன்னும் சிலரோடு ஒரே அறையில் தங்கியிருந்தார் என்று போகிற போக்கில் எழுதுகிறார். மூக்கடைப்போடு, காதில் 5+ கிருமியோடு, சிகிச்சையில்லாமல் பல மாதம். உடன் தங்கியவர்களின் தோலை யாராவது பார்த்தார்களா? நோயாளியோடு நெருங்கி இருந்தவர்களுக்குத் தரப்படும் ஒற்றைவேளை ரிஃபாம்பிசின் அவர்களுக்குக் கிடைத்ததா? கட்டுரை முழுவதும் தேடினேன், அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.